பதினாறு நாள் என்ற விடை

(கணித ஆசிரியர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதியிருக்கிறது. 15 ஆட்கள் ஒரு சுற்றுச்சுவரை 12 நாட்களில் கட்டி முடிக்கிறார்கள். அதே சுவரை 20 ஆட்கள் கட்டினால் எத்தனை நாளாகும்? எல்லோரும் ஒரே வேகத்தில் வேலை செய்வதாகக் கொள்க. ஏழாம் வகுப்புக் கணக்கு. சரியான விடை 9 நாள். இந்தக் கணக்குக்கு 16 நாள் என்று வரும் விடையை எப்படித் திருத்துவது என்பதுதான் இன்றைய பேச்சு முழுவதும்.

நேர் விகிதம், எதிர் விகிதம் பாடத்தை நடத்தி, தேர்வு வைத்து, விடைத்தாள் கட்டை வீட்டுக்குத் தூக்கிப்போன எந்த ஆசிரியருக்கும் இந்த 16 பழகிய எண்தான். ஆட்களை 15, 20 என்று மேல் வரிசையில் எழுதுகிறார்கள். நாட்களை 12, x என்று கீழ் வரிசையில் எழுதுகிறார்கள். குறுக்கே பெருக்குகிறார்கள். 15 பெருக்கல் x, 12 பெருக்கல் 20. 240-ஐ 15-ஆல் வகுத்தால் 16. பெருக்கலில் பிழையில்லை, வகுத்தலில் பிழையில்லை, கையெழுத்து கூட நன்றாக இருக்கிறது. விடை மட்டும் தவறு.

அப்போது சிவப்புப் பேனா எங்கே போகிறது? பெரும்பாலும் கடைசி வரிக்கு. 16-ஐ வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. தாளைத் திரும்ப வாங்கும் பிள்ளை வட்டம் விழுந்த இடத்தைத்தான் பார்க்கும். 240-ஐ 15-ஆல் மறுபடி வகுத்துப் பார்க்கும். மறுபடியும் 16-தான் வரும். பக்கத்து இருக்கைக்காரரிடம் விடையைக் கேட்டு 9 என்று திருத்தி எழுதிக்கொள்ளும். திருத்தப்பட்டது தாள் மட்டுமே. பிழை நடந்த இடமோ மூன்று வரிக்கு மேலே, ஒரு எண் கூடப் பெருக்கப்படாத இடத்தில், யார் கையும் படாமல் அப்படியே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் 1977-இல் எழுத்துக் கணக்குகளில் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்று பார்க்க ஐந்து படிகளை வகுத்தார். கணக்கை வாசிப்பது, என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்வது, அந்தக் கதையைக் கணிதமாக மாற்றுவது, மாற்றியதைச் செய்து முடிப்பது, கிடைத்ததை விடையாக எழுதுவது. முந்தைய படியில் விழுந்தவர் அடுத்த படிகளை எவ்வளவு நன்றாக ஏறினாலும் சரியான விடைக்குப் போய்ச் சேர மாட்டார். நமது 16 மூன்றாம் படியில் விழுந்த விடை. நான்காம் படியும் ஐந்தாம் படியும் குறையில்லாமல் ஏறப்பட்டிருக்கின்றன. திருத்தும் பேனா ஐந்தாம் படியில் வட்டம் போடுகிறது.

சிக்கல் இதோடு நிற்பதில்லை. 16 என்ற ஒரே விடைக்குள் வெவ்வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தப் பள்ளியின் கட்டை அவிழ்த்தாலும் கிடைக்கக்கூடிய நான்கு தாள்களை இங்கே மேசையில் வைப்போம்.

முதல் தாளில் தலைப்பிலேயே 'நேர் விகிதம்' என்று எழுதியிருக்கிறது. கீழே 12/15 = x/20. விடை 16.

இரண்டாம் தாளில், 'ஆட்கள் கூடினால் நாட்கள் குறையும். எதிர் விகிதம்' என்று தெளிவாக இருக்கிறது. அடுத்த வரியில் அட்டவணை. அதற்கடுத்து 15x = 12 × 20. விடை 16.

மூன்றாம் தாளில் ஒரு சொல்லும் இல்லை. அட்டவணை, குறுக்குப் பெருக்கல், 16. அவ்வளவே.

நான்காம் தாள்தான் ஆசிரியரை நிறுத்தி வைப்பது. 'ஆட்கள் கூடினால் நாட்கள் குறையும். எனவே நேர் விகிதம்' என்று எழுதி, 15 × 12 = 20x என்று போட்டு, 9 நாள் என்று முடித்திருக்கிறது.

முதல் தாளின் பிள்ளை உறவையே தவறாகத் தேர்ந்திருக்கிறது. இரண்டாம் தாளின் பிள்ளை சரியாக யோசித்தது. கை பழக்கத்தில் குறுக்கே போய்விட்டது. நேர் விகிதத்துக்கு x/y = k, ஆகவே குறுக்கே பெருக்க வேண்டும். எதிர் விகிதத்துக்கு xy = k, ஆகவே மேலும் கீழுமாக, ஒரே நெடுவரிசையில் இருப்பவற்றைப் பெருக்க வேண்டும். பாடத்தில் நேர் விகிதம் முதலில் வருகிறது. ஒரு வாரம் முழுக்க அட்டவணையைக் கண்டால் குறுக்கே பெருக்கிப் பழகிய கை, எதிர் விகிதம் வந்த பிறகும் அப்படியேதான் போகும். நான்காம் தாளின் பிள்ளைக்கு உறவு தெரியும், முறை தெரியும். இரண்டு பெயர்களில் எது எதற்கு என்பதுதான் இடம் மாறிப் போயிருக்கிறது. மூன்றாம் தாளின் பிள்ளை முதல் பிள்ளையா இரண்டாம் பிள்ளையா என்பதைத் தாளை வைத்துச் சொல்லவே முடியாது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, 'இதை எப்படிப் போட்டாய், சொல்லு கண்ணு' என்று கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

விடையை மட்டும் பார்த்தால் முதல் மூன்று பேருக்கும் ஒரே பெருக்கல் குறி விழும். நான்காவது பிள்ளைக்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

சரி, எத்தனை மதிப்பெண் போடுவது?

பிரிட்டனின் தேர்வு வாரியங்கள் கணித விடைத்தாளில் முறைக்கு ஒரு வகை மதிப்பெண்ணும், துல்லியத்துக்கு ஒரு வகை மதிப்பெண்ணும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. துல்லிய மதிப்பெண் முறை மதிப்பெண்ணைச் சார்ந்தது. முறை சரியாக இருந்தால்தான் அது கிடைக்கும். எண்ணைப் பெருக்குவதில் சறுக்கினால் முறைக்கான மதிப்பெண் போவதில்லை. 15 × 12 என்பதை 170 என்று எழுதி 20-ஆல் வகுத்து 8.5 என்றவருக்கு, அந்த ஏற்பாட்டில் போவது துல்லிய மதிப்பெண் மட்டும். முறையே கேட்ட கணக்குக்குப் பொருந்தவில்லை என்றால் நிலைமை வேறு. 12/15 = x/20 என்று எழுதியவர் தீர்த்தது நேர் விகிதக் கணக்கு; தாளில் கேட்டது அதுவல்ல. ஆகவே அங்கே முறைக்கும் ஒன்றும் கிடைக்காது, அதைச் சார்ந்த துல்லியத்துக்கும் கிடைக்காது. 8.5 நம்பவே முடியாத நாள் கணக்காகத் தெரிந்தாலும், முழு எண்ணாக அழகாக வந்த 16-ஐ விட அதற்கு மதிப்பு கூடுதல்.

சான்றிதழ் கொடுக்கும் தேர்வுக்கு அந்த நியாயம் சரி. வகுப்புத் தேர்வின் வேலை வேறு; அடுத்த நாள் காலை எந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று அது காட்ட வேண்டும். அதற்கு இந்தக் கணக்கை 4 மதிப்பெண்ணாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். உறவைக் காரணத்தோடு சொன்னதற்கு 1. அந்த உறவைச் சரியான சமன்பாடாக எழுதியதற்கு 1. தான் எழுதிய சமன்பாட்டைப் பிழையில்லாமல் தீர்த்ததற்கு 1. சரியான விடையை அலகோடு எழுதியதற்கு 1. இப்படிப் பார்த்தால் முதல் தாளுக்கும் மூன்றாம் தாளுக்கும் தீர்த்ததற்கான 1 மட்டும். இரண்டாம் தாளுக்கு உறவுக்கு ஒன்று, தீர்த்ததற்கு ஒன்று, ஆக 2. நான்காம் தாளுக்கு 3; காரணம் சரி, பெயர் தவறு என்பதால் முதல் மதிப்பெண் மட்டும் போகிறது.

இதில் சர்ச்சை வரும். 'உழைத்துப் போட்டிருக்கிறான், 2 கொடுக்கக் கூடாதா' என்று முதல் தாளைப் பார்த்துக் கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களின் கருணை புரிகிறது. ஆனால் 4-க்கு 2 என்ற எண், 'பாதி சரி, சின்னச் சறுக்கல்' என்று பிள்ளைக்குச் சொல்கிறது. உறவைத் தவறாகத் தேர்ந்தது சின்னச் சறுக்கல் அன்று. அடுத்த தேர்விலும் அதே தேர்வைத்தான் அந்தப் பிள்ளை செய்யும். மறுபுறம், சுத்தமாகப் பூஜ்யம் போட்டால் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்ததையும் தெரியாது என்று சொன்னதாகிவிடும். அதனால்தான் 1. எந்தப் பிரிவை வைத்துக்கொண்டாலும் கட்டைத் திறக்கும் முன்னரே அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. முப்பதாவது தாளுக்கு வரும்போது மனம் இளகியிருக்கும், அல்லது சலித்திருக்கும். முதல் தாளுக்குக் கொடுத்ததுதான் அதற்கும் போக வேண்டும்.

மதிப்பெண் இவ்வளவுதான். அதைவிடக் கவனமாகச் செய்ய வேண்டியது ஓரத்தில் என்ன எழுதுவது என்பது.

வழக்கமாக எழுதப்படுவது 'எதிர் விகிதம்' என்ற இரண்டு சொற்கள். அது பிள்ளைக்கு விடையைத்தான் கொடுக்கிறது. ஏன் எதிர் என்று அதில் இல்லை. அதற்குப் பதிலாக உறவு தேர்ந்தெடுக்கப்பட்ட வரியை, அதாவது 12/15 = x/20 என்ற வரியை, வட்டமிட்டு அருகில் ஒரு கேள்வியை எழுதலாம்: 'இதே வழியில், ஒரே ஒரு ஆள் கட்டினால் எத்தனை நாள்?'

பிள்ளை தன் வழியிலேயே போடும். 12/15 = x/1. விடை 0.8 நாள். 15 பேர் சேர்ந்து 12 நாள் கட்டிய சுவரை ஒருவர் தனியாக நின்று பொழுது சாய்வதற்குள் கட்டி முடித்துவிட்டார். இதைப் பார்த்துவிட்டு 'மிஸ், இது தப்பா இருக்கே' என்று சொல்லாத பிள்ளை அரிது. 16 என்ற எண் தன்னளவில் சந்தேகத்தைக் கிளப்புவதில்லை. 16 நாளில் எத்தனையோ சுவர்கள் கட்டப்படுகின்றன. அதே உறவை ஒன்று வரை இழுத்துக் கொண்டுபோனால்தான் அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரிகிறது. தவறான உறவு தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

ஓரலகு முறையில் போடும் பிள்ளைகளிடம் இதை இன்னும் எளிதாகக் காணலாம். '15 ஆட்கள் கட்ட 12 நாள்; எனவே 1 ஆள் கட்ட 12/15 நாள்' என்று அவர்கள் இரண்டாம் வரியிலேயே அந்தப் பொய்யை எழுதியிருப்பார்கள். பின்னமாக நிற்பதால் கண்ணில் படவில்லை. அந்தப் பின்னத்தைத் தசமமாக்கச் சொன்னால் போதும். சரியான இரண்டாம் வரி, '1 ஆள் கட்ட 15 × 12 = 180 நாள்'. இந்த 180-க்கு ஒரு பெயரும் கொடுக்கலாம்: அந்தச் சுவரின் வேலை மொத்தம் 180 ஆள்-நாள். 15 பேர் பங்கிட்டால் ஆளுக்கு 12, 20 பேர் பங்கிட்டால் ஆளுக்கு 9. எதிர் விகிதக் கணக்கில் மாறாமல் நிற்பது இந்த மொத்தம். நேர் விகிதக் கணக்கில் மாறாமல் நிற்பது ஒன்றுக்கு இவ்வளவு என்ற வீதம். 'இந்தக் கணக்கில் எது மாறவில்லை?' என்று கேட்டு அதை முதல் வரியாக எழுத வைத்தால், மூன்றாம் தாளைப் போல ஊமைத் தாள்கள் கட்டில் குறையும். கேள்வித்தாளிலேயே அப்படிக் கேட்டுவிடலாம்: 'மாறாத அளவு எது என எழுதுக. பின்னர் விடை காண்க.' முதல் மதிப்பெண் அந்த வரிக்கே.

பிள்ளைகள் உறவை எதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்? இரண்டு பழக்கங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இரண்டுமே வகுப்பறையில் சொல்லிக்கொடுத்ததிலிருந்து முளைத்தவை.

ஒன்று, சொல்லைப் பிடித்துத் தேர்வது. 'ஆள் வந்தால் எதிர், விலை வந்தால் நேர்' என்று தேர்வுக்கு முந்தைய நாள் யாரோ சொல்லிக்கொடுத்த சூத்திரம். சுவர்க் கணக்குக்கு அது பலிக்கும். அடுத்த கணக்கைப் பாருங்கள். 8 ஆட்கள் ஒரு நாளில் 24 மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் தூர் வாருவார்கள். 12 ஆட்கள் ஒரு நாளில் எவ்வளவு நீளம் வாருவார்கள்? ஆள் வந்துவிட்டது, ஆகவே எதிர். 8 × 24 = 12x, விடை 16 மீட்டர். நான்கு பேர் கூடுதலாக மண்வெட்டியோடு வந்து வேலை குறைந்துபோனது. சரியான விடை 36. இங்கேயும் 'ஒரே ஆள்' கேள்வி வேலை செய்கிறது: அந்தப் பிள்ளையின் வழியில் ஒருவர் தனியாக ஒரு நாளில் 192 மீட்டர் வாருவார். வேகம் என்ற சொல்லும் அப்படித்தான். நேரம் மாறாதபோது வேகம் கூடினால் தூரம் கூடும். தூரம் மாறாதபோது வேகம் கூடினால் நேரம் குறையும். சொல் ஒன்றுதான், உறவு இரண்டு. எந்தச் சொல்லும் உறவைத் தன் மீது எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

மற்றது, 'குறைந்தால் எதிர்' என்ற எண்ணம். 12 கிலோ அரிசி 720 ரூபாய், 8 கிலோ எவ்வளவு? கிலோ குறைகிறது, எதிர் விகிதம் என்றால் குறைவது, ஆகவே எதிர். 12 × 720 = 8x, விடை 1,080 ரூபாய். சந்தைக்குப் போய்வந்த பிள்ளை கூடத் தாளில் இப்படி எழுதிவிடும். கடையில் நின்றால் ஒருபோதும் இந்தப் பணத்தைக் கொடுக்காது. இந்தப் பிழைக்குக் காரணம் பாடம் சொல்லும் விதத்தில் இருக்கிறது. நேர் விகிதத்துக்குக் கரும்பலகையில் எழுதும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கூடிக்கொண்டே போகின்றன: 2 பேனா, 5 பேனா, 10 பேனா. 10 பேனாவிலிருந்து 3 பேனாவுக்கு இறங்கும் கணக்கு அபூர்வம். அதனால் 'நேர்' என்றால் ஏறுவது, 'எதிர்' என்றால் இறங்குவது என்று பிள்ளை தானே ஓர் இலக்கணம் எழுதிக்கொள்கிறது. ஒன்று இறங்கும்போது மற்றொன்றும் சேர்ந்து இறங்கினால் அதுவும் நேர்தான் என்பது அதன் காதில் விழவே இல்லை.

நேரா எதிரா என்ற இந்தக் கேள்வி புதிதல்ல. ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலிலேயே மூன்று எண்களைக் கொண்டு நான்காவதைக் காணும் திரைராசிக முறை இருக்கிறது. 628-இல் பிரம்மகுப்தர் அதன் தலைகீழ் வடிவத்தையும் தந்தார். 1150-ஐ ஒட்டிப் பாஸ்கரர் லீலாவதியில் இரண்டையும் விளக்குகிறார். தெரிந்த இணையின் முதல் எண் பிரமாணம், அதன் பயன் பலம், கேட்கப்படும் எண் இச்சை. நமது கணக்கில் 15, 12, 20. நேர் முறையில் பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுக்க வேண்டும். தலைகீழ் முறையில் பலத்தைப் பிரமாணத்தால் பெருக்கி இச்சையால் வகுக்க வேண்டும். எப்போது தலைகீழ்? இச்சை பெருகும்போது பலன் சுருங்கினால், அல்லது இச்சை சுருங்கும்போது பலன் பெருகினால். கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது பாதி. வெறுமனே குறைவது போதாது; ஒன்று போகும் திசைக்கு மற்றது எதிர்த்திசையில் போக வேண்டும். பாஸ்கரர் காட்டும் இடங்களில் ஒன்று தங்கத்தின் மாற்று: ஒரே விலைக்கு, மாற்றுக் கூடிய தங்கம் எடை குறைவாகக் கிடைக்கும். பெருக்கல் வாய்பாடு தொடங்குவதற்கு முன்பே, என்ன நடக்கிறது என்று பார்த்து வழியைத் தீர்மானி என்று அந்தப் பழைய முறை கேட்கிறது. நமது 4 மதிப்பெண்ணில் முதல் ஒன்று அதற்குத்தான்.

இனி கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு விஷயம். 15, 12, 20 என்ற எண்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. தவறான வழியில் போனாலும் 16 என்ற முழு எண் வரும். அதற்குப் பதில் 20-ஐ 18 ஆக்கிப் பாருங்கள். சரியான வழியில் 10 வருகிறது, தவறான வழியில் 14.4. பாடநூல் விடைகள் முழு எண்ணாகவே வரும் என்று பழகிய பிள்ளை 14.4-ஐக் கண்டதும் பயந்து, அழித்துவிட்டு, மற்ற வழியில் போட்டு 10 எழுதும். ஆசிரியர் முழு மதிப்பெண் போடுவார். அந்தப் பிள்ளை சுவரைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை, தசமப் புள்ளியைப் பார்த்து வழியை மாற்றிக்கொண்டது. உறவைத் தேர்ந்தெடுக்கத் தெரியுமா என்று சோதிக்கும் கேள்வியில் இரண்டு வழியிலும் முழு எண் வரும்படி வைத்தால்தான் தேர்வு உண்மையைச் சொல்லும். மேலே சொன்ன வாய்க்கால், அரிசிக் கணக்குகளும் அப்படி அமைந்தவையே.

உறவு சரியாக இருந்தும் விடை தவறும் கணக்கொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது. ஒரு முகாமில் 120 பேருக்கு 30 நாளுக்கான உணவு இருக்கிறது. 6 நாள் கழித்து 24 பேர் போய்விடுகிறார்கள். மீதி உணவு எத்தனை நாள் வரும்? பல தாள்களில் 120 × 30 = 96x, விடை 37.5 என்று இருக்கும். எதிர் விகிதம் என்று சரியாகக் கண்டிருக்கிறார்கள். போன 6 நாளில் சாப்பிட்டுத் தீர்த்ததைக் கழிக்கவில்லை. சரியானது 120 × 24 = 96x, விடை 30 நாள். இங்கே உறவுக்கான மதிப்பெண் முழுதாகக் கிடைக்க வேண்டும். ஓரத்தில் எழுத வேண்டிய கேள்வியும் வேறு: 'ஆறாம் நாள் இரவு மீதி இருக்கும் உணவு, 120 பேரும் இருந்திருந்தால் எத்தனை நாளுக்கு வரும்?' ஒரே ஆள் கேள்வியை இங்கே கேட்டால் பிள்ளை குழம்பும். அதன் உறவில் பழுதில்லையே.

கடைசியாக, நேருமில்லாத எதிருமில்லாத கணக்கு. அமெரிக்காவில் கிரேமர், போஸ்ட், கரியர் மூவரும் 1993-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. சூவும் ஜூலியும் ஓட்டப்பாதையில் ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள். சூ முதலில் தொடங்கினாள். சூ 9 சுற்று முடித்தபோது ஜூலி 3 சுற்று முடித்திருந்தாள். ஜூலி 15 சுற்று முடிக்கும்போது சூ எத்தனை சுற்று முடித்திருப்பாள்? தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 33 பேருக்கு இதைக் கொடுத்தார்கள். 32 பேர் 9/3 = x/15 என்று எழுதி 45 என்றார்கள். ஒரே வேகம் என்பதால் இருவருக்கும் இடையில் எப்போதும் 6 சுற்று வித்தியாசம்தான். விடை 21. பிள்ளைகளைத் திருத்தப் போகிற பெரியவர்களே, மூன்று எண்ணைக் கண்டவுடன் விகிதத்துக்குள் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விகிதப் பாடத்தின் முடிவில் வரும் பயிற்சியில் எல்லாக் கணக்கும் விகிதக் கணக்காகவே இருந்தால், 'இது விகிதமா' என்று யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்? நேரா எதிரா என்ற இரண்டில் ஒன்றைத் தொடும் விளையாட்டாகத் தேர்வு மாறிவிடும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பாதி சரியாகும்.

45 என்று எழுதிய தாளின் ஓரத்தில் ஒரே ஆள் கேள்வி பயன்படாது. 'ஜூலி 1 சுற்று ஓடியபோது சூ 3 சுற்று' என்று வரும்; அதில் அபத்தம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இங்கே பூஜ்யத்தைக் கேட்க வேண்டும்: 'ஜூலி இன்னும் ஓடவே தொடங்காதபோது சூ எத்தனை சுற்று ஓடியிருப்பாள்?' அந்தப் பிள்ளையின் வழியில் 9/3-ஐப் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். கதையிலோ சூ முதலில் தொடங்கிவிட்டாள். 9-லிருந்து 3 போக அவள் 6 சுற்று முன்னே இருக்கிறாள். ஏழாம் வகுப்பின் விகிதத் தேர்வில் இப்படி ஒரு கணக்கையாவது வைத்து, அதே 4 மதிப்பெண்ணில் முதல் ஒன்றை 'இது விகிதக் கணக்கு இல்லை, வித்தியாசம்தான் மாறவில்லை' என்று எழுதும் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.